அடையாளம் வேறு, காரணம் வேறு: மரபணு அறிக்கையை எப்படிப் படிப்பது?

சில மாதங்களுக்கு முன்பு, நம் புறநோயாளர் பிரிவிற்குச் சுரங்கத்தில் பணிபுரியும் ஒருவர் தம் தாயாருடன் வந்திருந்தார். வயது நாற்பத்தாறு. எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. ஓராண்டுக்கு முன்பு மாலைநடையை ஒழுங்காகக் கடைப்பிடித்து ஆறு கிலோ குறைத்திருந்தவர், இப்போது அந்த ஆறு கிலோவையும் திரும்பப் பெற்றிருந்தார். காரணம் கேட்டேன். பையிலிருந்து வண்ணப் படங்களுடன் கூடிய ஓர் அறிக்கையை எடுத்து நீட்டினார். இணையவழியில் பணம் கட்டி, எச்சிலை ஒரு குப்பியில் சேகரித்து அனுப்பிப் பெற்ற மரபணு அறிக்கை அது. அதில் ஒரு வரி சிவப்பு நிறத்தில் இருந்தது: எஃப்டிஓ மரபணு, rs9939609, ஏஏ, பருமனுக்கான கூடுதல் வாய்ப்பு.

“ஜீனிலேயே எழுதியிருக்கும்போது நடந்து என்ன பயன் டாக்டர்?” என்றார் அவர். அருகிலிருந்த தாயார் தலை குனிந்தபடி, “என் வழியாகத்தானே வந்திருக்கும் ஐயா, நானும் பருத்த உடம்புக்காரிதான்” என்றார்.

இருவருமே அந்தச் சிவப்பு வரியை ஒரு தீர்ப்பாகப் படித்திருந்தார்கள். அது தீர்ப்பன்று, ஓர் அடையாளக் குறிப்பு மட்டுமே. அடையாளத்திற்கும் காரணத்திற்கும் இடையே உள்ள தொலைவை விளங்கிக்கொள்ளாமல் இத்தகைய அறிக்கையைப் படிப்பது உடல்நலத்திற்குக் கேடு என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து. அதற்கு, அவருடைய அறிக்கையில் இருந்த அதே எழுத்தின் வரலாற்றைச் சொல்வதே போதும்.

அந்த எழுத்து எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது

நம் ஒவ்வொரு உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ., ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட ஏடு. அதில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் இந்த ஏட்டின் மிகப் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். ஆங்காங்கே சில இடங்களில் மட்டும், ஒருவருக்கு ஏ இருக்குமிடத்தில் மற்றவருக்கு டி இருக்கும். இத்தகைய இடங்களை மாறுபாடுகள் என்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை.

நோயாளிகள் பல ஆயிரம் பேரையும் அந்நோய் இல்லாதவர்கள் பல ஆயிரம் பேரையும் எடுத்துக்கொண்டு, ஏடு முழுவதிலும் பரவலாகத் தேர்ந்தெடுத்த சில இலட்சம் மாறுபாடுகளை ஒவ்வொருவரிடமும் படித்து, நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் எழுத்து எது என்று கணக்கிடும் முறைக்கு முழுமரபணுத்தொகைத் தொடர்பாய்வு என்று பெயர். ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடுவதால், தற்செயலாகவே சில இடங்களில் வேறுபாடு தோன்றிவிடும். ஆகவே, தற்செயலாக அமையும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் அந்தத் தொடர்பை ஏற்பது என்று ஒரு கடுமையான எல்லையை ஆய்வாளர்கள் வகுத்துக்கொண்டார்கள்.

2007ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஆய்வாளர்கள் இம்முறையில் நீரிழிவுக்கான மாறுபாடுகளைத் தேடினர். பதினாறாம் குரோமோசோமில், எஃப்டிஓ என்னும் மரபணுவுக்குள் ஓரிடம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் rs9939609. மேலும் ஆராய்ந்தபோது, அந்த இடம் நேரே நீரிழிவுடன் தொடர்புடையதாகத் தோன்றவில்லை. உடல் எடை வழியாகவே நீரிழிவை எட்டியது. உடல் எடையைக் கணக்கில் கொண்டவுடன் நீரிழிவுடனான தொடர்பு மறைந்துவிட்டது. 38,759 பேரிடம் சரிபார்த்ததில், இரு பிரதிகளிலும் ஏ எழுத்தைக் கொண்டவர்கள், அந்த எழுத்து ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதலாக இருந்தனர். ஐரோப்பியர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் இவ்வகையினர்.

செய்தித்தாள்கள் உடனே அதற்குக் ‘கொழுப்பு மரபணு’ என்று பெயர் சூட்டிவிட்டன. எஃப்டிஓ என்பதற்கு ஆய்வுலகம் தந்த விரிவோ, உடற்கொழுப்புடனும் பருமனுடனும் ‘தொடர்புடையது’ என்றுதான் பொருள்படும். தொடர்புடையது என்றார்களேயன்றி, காரணமானது என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் நாம் கவனிக்கத் தவறினோம்.

ஒரே பேருந்தில் வருபவர்கள்

நெய்வேலியில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. காலை முறைப்பணிக்கு நகரியத்தின் ஒரு வட்டத்திலிருந்து சுரங்கத்துக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐம்பது பேர் ஏறுகிறார்கள். வாயிலில் இருப்பவர் ஐம்பது பேருடைய பெயரையும் குறித்துக்கொள்வதில்லை. முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் முருகன் என்பவரின் பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறார். முருகன் வந்தால் அந்தப் பேருந்து வந்துவிட்டது என்று பொருள்.

இப்போது உணவகத்தில் ஒரு விந்தை. சில நாள்களில் மட்டும் வடை எட்டு மணிக்கே தீர்ந்துபோகிறது. வாயில் பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். முருகன் வந்த நாள்களில் எல்லாம் வடை தீர்ந்திருக்கிறது. அவர் வராத நாள்களில் மிஞ்சியிருக்கிறது. கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் வடையைத் தின்று தீர்த்தவர் முருகன்தான் என்று முடிவு கட்டலாமா? அவரோடு வந்த மற்ற நாற்பத்தொன்பது பேரில் எவராகவும் இருக்கலாமே! பதிவேட்டில் பெயர் இருப்பது முருகனுக்கு மட்டும் என்பதால் பழி அவர்மீது விழுகிறது.

டி.என்.ஏ.விலும் இப்படித்தான் நடக்கிறது. பெற்றோரிடமிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக நமக்கு வருவதில்லை. நீண்ட துண்டுகளாக வருகின்றன. அருகருகே உள்ள மாறுபாடுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே துண்டில், ஒரே பேருந்தில், சேர்ந்தே பயணம் செய்கின்றன. ஒன்றைப் படித்தாலே மற்றவை என்னவென்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இதனால்தான் ஆய்வாளர்கள் எல்லா எழுத்துகளையும் படிக்காமல் பேருந்துக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்துப் படிக்க முடிகிறது. செலவு குறைவதற்குக் காரணம் இதுவே; குழப்பத்திற்குக் காரணமும் இதுவே.

rs9939609 என்பது முருகனைப் போன்றது. எஃப்டிஓ மரபணுவின் அந்தப் பகுதியில், ஏறத்தாழ ஐம்பதாயிரம் எழுத்து நீளமுள்ள ஒரே துண்டில், ஐரோப்பியர்களிடம் எண்பதுக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. அவற்றுள் எதைப் பதிவேட்டில் குறித்திருந்தாலும் ஏறக்குறைய அதே மூன்று கிலோ வேறுபாடு தெரிந்திருக்கும். எத்தனை இலட்சம் பேரிடம் ஆய்வு செய்தாலும், பேருந்து அதே பேருந்தாக இருக்கும்வரை, கணக்கு மட்டும் உண்மையான காரணத்தைப் பிரித்துக் காட்டாது.

அப்படியானால் பிரிப்பது எப்படி? முருகன் விடுப்பில் இருக்க, மற்றவர்கள் வந்த நாளைத் தேட வேண்டும். அல்லது வேறொரு ஊரில், வேறு வழித்தடத்தில், முருகனும் அவருடைய தோழர்களும் வெவ்வேறு பேருந்துகளில் பயணம் செய்யும் இடத்தைத் தேட வேண்டும். மனிதர்களில் அத்தகைய இடம் ஆப்பிரிக்கா. அங்குள்ள மக்கள்தொகை மிகப் பழமையானது; பல்லாயிரம் தலைமுறைகளில் அத்துண்டுகள் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டுச் சிறியனவாகிவிட்டன. rs9939609 இடத்தில் ஏ எழுத்து அங்கே மிகச் சாதாரணம். ஆனால் ஐரோப்பியர்களிடம் அதனோடு எப்போதும் சேர்ந்தே வரும் வேறொரு மாறுபாடு, rs1421085, ஆப்பிரிக்கர்களிடம் அரிது. அதாவது, அங்கே இவ்விருவரும் ஒரே பேருந்தில் வருவதில்லை. இப்படிப் பல மக்கள்தொகைகளை ஒப்பிட்டு, ஐயத்திற்குரியவர்களின் பட்டியலைச் சுருக்குகிறார்கள்.

நமக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பியர்களிடம் கண்ட அடையாளம் நம்மிடம் அதே பொருளைத் தர வேண்டும் என்பதில்லை. புனே ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. இந்தியர்களிடம் எஃப்டிஓ மாறுபாட்டுக்கும் நீரிழிவுக்கும் வலுவான தொடர்பு இருந்தது. ஆனால் ஐரோப்பாவில் நடந்ததுபோல உடல் எடையைக் கணக்கில் கொண்டதும் அது மறைந்துவிடவில்லை, ஒரு பகுதி எஞ்சி நின்றது. சென்னையின் நகர்ப்புற, ஊர்ப்புற மக்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வும், தென்னிந்தியர்களிடம் எஃப்டிஓ மாறுபாடுகள் நீரிழிவுடனும் பருமனுடனும் தொடர்புடையவை என்று காட்டியது. அந்த அடையாளம் நம் மண்ணிலும் தெரிகிறது என்பது உண்மையே. ஆனால் அது சுட்டும் எடைக் கணக்கை ஐரோப்பிய அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்து நம் அறிக்கையில் அச்சிடுவது முறையாகாது.

பொத்தான் ஓரிடம், விளக்கு வேறிடம்

பட்டியலைச் சுருக்கிய பின்னும் ஒரு பெரும் பிழை காத்திருந்தது. ஐயத்திற்குரிய எழுத்துகள் யாவும் எஃப்டிஓ மரபணுவின் எல்லைக்குள் இருந்தன. ஆகவே அவை எஃப்டிஓவைத்தான் கெடுக்கின்றன என்று அனைவரும் எடுத்துக்கொண்டனர். எலிகளில் எஃப்டிஓ மரபணுவை நீக்கிப் பார்த்தபோது எலிகள் மெலிந்தன. 2009இல் வெளியான அம்முடிவு, ஐயத்தை முற்றிலும் போக்கிவிட்டதாகவே தோன்றியது.

ஆனால் இங்கு கேட்க வேண்டிய கேள்வி வேறு. மரபணு முழுவதையும் நீக்கினால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. மனிதரிடம் உள்ள அந்த ஓர் எழுத்து மாற்றம் என்ன செய்கிறது என்பது மற்றொரு கேள்வி. முதலாவதன் விடை இரண்டாவதற்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. அந்த எழுத்துகளில் ஒன்றுகூட, எஃப்டிஓ உருவாக்கும் புரதத்தை மாற்றும் இடத்தில் இல்லை. மரபணுவுக்குள்ளேயே, புரதத்திற்கான செய்தி எதுவும் எழுதப்படாத இடைப்பகுதியில்தான் அவை இருந்தன.

இத்தகைய இடைப்பகுதிகளில் வேறு மரபணுக்களை இயக்கும் பொத்தான்கள் அமைந்திருப்பது உண்டு. நம் வீட்டுக் கூடத்தின் சுவரில் உள்ள ஒரு பொத்தான் வாசல் விளக்கை எரியச் செய்வதில்லையா? பொத்தான் கூடத்தில் இருக்கிறது என்பதற்காக, அது கூடத்து விளக்குக்கு உரியது என்று சொல்லிவிட முடியாது. டி.என்.ஏ. நீட்டி வைத்த நூலாக உயிரணுவில் கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு கிடக்கிறது. அந்த மடிப்பில், ஏட்டில் வெகு தொலைவில் உள்ள இரண்டு இடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரில் காட்டியது. எஃப்டிஓவின் அந்த இடைப்பகுதி, ஏறத்தாழ ஐந்து இலட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ள ஐஆர்எக்ஸ்3 என்னும் வேறொரு மரபணுவின் தொடக்க இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மனித மூளைத் திசுக்களைப் பார்த்தபோது, பருமனுடன் தொடர்புடைய எழுத்துகளுக்கு ஏற்ப ஏறி இறங்கியது ஐஆர்எக்ஸ்3இன் அளவே. எஃப்டிஓவின் அளவு அந்த எழுத்துகளைப் பொறுத்து மாறவில்லை. ஐஆர்எக்ஸ்3 இல்லாத எலிகள் மற்ற எலிகளைவிட 25 முதல் 30 விழுக்காடு எடை குறைந்திருந்தன.

அடுத்த ஆண்டு, 2015இல், மற்றொரு குழுவினர் ஓர் எழுத்தையே சுட்டிக் காட்டினர். முன்பு சொன்ன rs1421085தான் அது. அந்த இடத்தில் டி இருந்தால், ஒரு கட்டுப்படுத்தும் புரதம் அங்கே வந்து அமர்ந்து பொத்தானை அணைத்து வைத்திருக்கிறது. டி போய் சி வந்துவிட்டால் அப்புரதத்தால் அமர முடிவதில்லை. பொத்தான் எரியத் தொடங்குகிறது. அதன் விளைவாக, கொழுப்பு உயிரணுக்கள் உருவாகும் தொடக்க நிலையில் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 ஆகிய இரு மரபணுக்களின் செயற்பாடு இருமடங்காகிறது. ஆற்றலை வெப்பமாக எரிக்கக்கூடிய உயிரணுவாக வளர வேண்டியது, கொழுப்பைச் சேமித்து வைக்கும் உயிரணுவாக மாறுகிறது.

இதை வெறும் ஒப்பீட்டால் அவர்கள் சொல்லவில்லை. அந்த எழுத்தை உடையவர்களின் உயிரணுக்களை எடுத்து, மரபணுத் திருத்தக் கருவியால் சி என்பதை மட்டும் டி என்று திருத்தினார்கள். வேறு எதையும் தொடவில்லை. பொத்தான் அணைந்தது, வெப்பமாக எரிக்கும் திறன் ஏழு மடங்கு உயர்ந்தது. பேருந்தில் உள்ள ஐம்பது பேரில் ஒருவரை மட்டும் இறக்கிவிட்டு, அன்று வடை மிஞ்சுகிறதா என்று பார்ப்பதற்கு ஒப்பானது இது. தொடர்பு காரணமாக மாறுவது இத்தகைய சோதனையில்தான்.

அத்துடன் கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அதே துண்டில் இன்னும் சில எழுத்துகளும் பொத்தான்களைப் பாதிக்கின்றன என்றும், கொழுப்புத் திசுவோடு மூளையிலும் அவற்றுக்கு வேலை உண்டு என்றும் 2021இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. வடையைத் தின்றவர் ஒருவர் அல்லர், சிலர் என்று தெரியவருகிறது. 2007இல் தொடர்பு கண்டு, பதினான்கு ஆண்டுகள் தோண்டிய பிறகும் முழுக் காரணமும் கைக்கு வந்துவிடவில்லை.

நம் ஊரின் வரலாறே இதற்குச் சரியான உவமை. 1930களில் இங்கே ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. கீழே ஏதோ இருக்கிறது என்பதற்கு அது மறுக்க முடியாத தடயம். ஆனால் பழுப்பு நிலக்கரிப் படுகை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எத்தனை தடிப்பு என்பதையெல்லாம் அந்தக் கிணறு சொல்லவில்லை. ஊரைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு ஆராய்ந்த பிறகே அவை தெரியவந்தன. தொடர்பாய்வு அந்தக் கிணற்றைப் போன்றது. கிணற்றைச் சுரங்கம் என்று எண்ணி விற்பவரிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அந்த அறிக்கை அவருக்கு உண்மையில் என்ன சொன்னது

இப்போது நம் சுரங்கத் தொழிலாளியிடம் திரும்புவோம். அவருடைய உயரம் 168 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. உடல் நிறை குறியீட்டெண் 32.6. ஐரோப்பியக் கணக்கையே அப்படியே ஏற்றுக்கொண்டு, அந்த இரண்டு ஏ எழுத்துகளும் இல்லாமல் அவர் பிறந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்போம். சராசரியாக மூன்று கிலோ குறைந்து 89 கிலோ இருந்திருப்பார். குறியீட்டெண் 31.5. அப்போதும் அவர் பருமனுடையவராகவே இருந்திருப்பார். அப்போதும் நான் அவரை நடக்கத்தான் சொல்லியிருப்பேன். அதுவும், அந்த மூன்று கிலோ என்பது பல்லாயிரம் பேரின் சராசரி. தனி ஒருவருக்கு இட்ட கணக்கன்று. ஏஏ உடைய மெலிந்தவர்களும் ஏராளம், ஏ ஒன்றும் இல்லாத பருத்தவர்களும் ஏராளம்.

‘நடந்து என்ன பயன்’ என்ற அவருடைய கேள்விக்கும் நேரடியான விடை உண்டு. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்று சேர்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, உடலுழைப்பு உடையவர்களிடம் இந்த எழுத்தால் வரும் பருமன் வாய்ப்பு சுமார் 27 விழுக்காடு தணிந்திருப்பதைக் கண்டது. எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்ற 9,563 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த எழுத்து உடையவர்களும் இல்லாதவர்களும் உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மருந்தாலும் ஒரே அளவில்தான் எடை குறைந்தார்கள் என்று காட்டியது. அந்த எழுத்து அவருடைய நடையைத் தோற்கடிக்கவில்லை. அறிக்கையின் சிவப்பு வரிதான் தோற்கடித்தது. அவர் குறைத்த ஆறு கிலோ, அந்த எழுத்தின் சராசரி விளைவைப்போல் இருமடங்கு என்பதையும் அவரிடம் சொன்னேன்.

தாயாருக்கும் ஒரு விடை சொல்ல வேண்டியிருந்தது. ஏஏ என்றால் ஓர் ஏ தாயிடமிருந்து, மற்றோர் ஏ தந்தையிடமிருந்து வந்தது என்று பொருள். “உங்களிடமிருந்து மட்டும் வரவில்லை அம்மா, இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்திருக்கிறது. அதிலும் வந்தது நோயன்று, ஒரு பேருந்தின் எண்தான்” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அவங்க அப்பாவையும் ரெண்டு வார்த்தை சொல்லணும்” என்றார். மகன் முதன்முறையாகச் சிரித்தார்.

எல்லாச் சோதனைகளும் ஒன்றல்ல

இதைப் படித்துவிட்டு மரபணுச் சோதனைகள் யாவும் வீண் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. தலசீமியா, அரிவாளணுச் சோகை போன்ற நோய்களில் மரபணுவின் குறிப்பிட்ட மாற்றமே நோய்க்கு நேரடிக் காரணம். அந்த மாற்றம் எப்படி இரத்தத்தின் புரதத்தைக் கெடுக்கிறது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. இளம் வயதில் குடும்பம் குடும்பமாக வரும் சில அரிய நீரிழிவு வகைகளும் ஒற்றை மரபணுக் கோளாற்றால் வருபவை. அவற்றில் சோதனையின் முடிவு சிகிச்சையையே மாற்றக்கூடும். அங்கே எங்கள் மருத்துவர்கள் சோதனை செய்யச் சொன்னால் தயங்காமல் செய்யுங்கள். நான் எச்சரிப்பது, நம்மில் மிகப் பலருக்கு வரும் நீரிழிவு, பருமன், இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றுக்கு ‘உங்கள் மரபணு’ என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதும் அறிக்கைகளைப் பற்றியே.

இத்தகைய அறிக்கை உங்கள் கையில் இருந்தால் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். முதலாவது, இந்த எழுத்து நோயை உண்டாக்குவதாகச் சோதனையில் நிறுவப்பட்டதா, அல்லது நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் அடையாளம் மட்டுமா? இரண்டாவது, இந்தக் கணக்கு எந்த மக்களிடம் எடுக்கப்பட்டது, நம் மக்களிடம் சரிபார்க்கப்பட்டதா? மூன்றாவது, விளைவு எவ்வளவு? ‘வாய்ப்பு கூடுதல்’ என்றால் போதாது. எத்தனை கிலோ, நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். இம்மூன்றுக்கும் அறிக்கையிலேயே விடை இல்லையென்றால், அந்த வரியைச் சிவப்பில் அச்சிட அந்நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது என் துணிபு. அறிக்கை தயாரிப்போர் ‘பருமன் மரபணு’ என்று எழுதுவதை விடுத்து ‘பருமனுடன் தொடர்புடைய அடையாளம், காரணம் என்று பொருளன்று’ என்று எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் கருதுகிறேன்.

அறிக்கையைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதோ, அளவை மாற்றுவதோ, நடையைக் கைவிடுவதோ வேண்டா. அடுத்த முறை வரும்போது அதையும் கையோடு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

அந்தத் தொழிலாளி சென்ற வாரம் மறு பரிசோதனைக்கு வந்தார். எடை 89 கிலோ.